எழுத்தைப் பெரிதாக்கினால் குட்டு வெளிப்படும்: இரண்டு வங்கி ஆப்கள், ஒரு ஒப்பீடு

அப்பாவுக்கு இதுதான் முதல் ஸ்மார்ட்போன். இரண்டு வங்கிகளில் கணக்கு இருப்பதால் இரண்டு ஆப்களையும் ஓராண்டுக்கு மேலாகப் பயன்படுத்துகிறார். எது அவருக்குச் சுலபம் என்று பார்க்க, இரண்டின் திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன்.

ஆப் ஸ்டோரில் இருக்கும் படங்கள் இதற்கு உதவாது. அவை விளம்பரத்துக்காக, வழக்கமான எழுத்தளவில் எடுக்கப்பட்டவை. அப்பாவின் போனிலோ எழுத்து மிகப் பெரிய அளவில் இருக்கிறது. நாமே ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம் என்றால் ஆண்ட்ராய்டில் பல வங்கி ஆப்கள் பாதுகாப்புக்காக அதைத் தடுத்துவிடுகின்றன (FLAG_SECURE என்ற அமைப்பு). படமே பதிவாகாது, அல்லது கறுப்பாக வரும். அதனால் இன்னொரு போனால் படம் பிடித்தேன். கணக்கு எண்ணை மறைத்துவிட்டுத்தான் யாரிடமும் காட்ட வேண்டும்.

முகப்புத் திரையில் பெரிய வித்தியாசம் இல்லை. பணம் அனுப்பும் முன் வரும் உறுதிப்படுத்தும் திரையில்தான் விஷயம் இருக்கிறது. வழக்கமான எழுத்தில் முதல் ஆப் அழகாக இருந்தது: பெயர், தொகை, கீழே பொத்தான். எழுத்தைப் பெரிதாக்கியதும் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளிகளாக முடிந்தது. பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது. தொகைக்குக் கீழே வெள்ளை இடம் இருந்ததால் திரை அதோடு முடிந்துவிட்டது போலத் தோன்றியது. கீழே தள்ளிப் பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அப்படியே காத்திருப்பார், கொஞ்ச நேரத்தில் ஆப் தானாக வெளியேற்றிவிடும். மறுபடி பின் நம்பரிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது ஆப் பார்க்கச் சுமார்தான். ஆனால் பொத்தான் திரையின் அடியில் ஒட்டியே நிற்கிறது, மேலே உள்ள விவரம் மட்டும் நகர்கிறது. நீளமான பெயர் இரண்டு வரியாக மடங்கி முழுதாகத் தெரிகிறது. யாருக்கு அனுப்புகிறோம் என்று சரிபார்க்கத்தானே அந்தத் திரையே இருக்கிறது!

நிறத்தையும் படத்திலேயே பார்த்துவிடலாம். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து இருந்தால் அப்பா அதைப் படிப்பதே இல்லை. வழக்கமான அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 மாறுபாடு வேண்டும் என்கிறது இணைய அணுகல் வழிகாட்டி. முதல் ஆப்பில் 'ரத்து செய்' அந்தச் சாம்பலில்தான் இருக்கிறது.

ஆனால் படத்தில் நேரம் தெரியாது. பணம் போனதும் முதல் ஆப்பில் பெரிய பச்சை டிக் வரும். படத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. நிஜத்தில் அது சட்டென்று மறைந்து முகப்புக்குப் போய்விடும். 'போச்சா, போகலையா?' என்று அப்பா மறுபடி அனுப்பப் போவார். இப்போது எந்தப் புது ஆப்பானாலும், டிக் வரும் திரையின் படத்தில் 'சரி' அல்லது 'முடிந்தது' என்ற பொத்தான் இருக்கிறதா என்று முதலில் தேடுகிறேன். இல்லையென்றால் அந்தத் திரை பெரும்பாலும் தானாகவே ஓடிவிடும், அதனால் உண்மையாக ஒருமுறை அனுப்பிப் பார்த்த பிறகே அந்த ஆப்பை அப்பாவிடம் கொடுப்பேன்.