மோட்டார் லைனில் யூனியனா, கப்ளிங்கா?

சம்ப்பிலிருந்து மாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு ஹெச்.பி. மோட்டாரை மாற்ற வேண்டி வந்தது. அதோடு பழைய லைனையும் கழித்துவிட்டு ஒரு அங்குல யூ.பி.வி.சி. பைப்பில் புதிதாக ஓட்டினோம். மோட்டாரின் இரண்டு பக்கமும் யூனியன் வைக்கச் சொன்னேன். பிளம்பருக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. “எதுக்குண்ணே? கப்ளிங் போட்டா ஒட்டி முடிச்சிரலாம். யூனியன் என்னைக்கா இருந்தாலும் ஒழுகும்” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மைதான். இருந்தாலும் மோட்டார் பக்கத்தில் யூனியன்தான் என்று நின்றேன்.

இரண்டுமே இரு பைப்புகளைச் சேர்ப்பவை. கப்ளிங் ஒரே துண்டு; சொல்யூஷன் தடவி இரண்டு பக்கமும் சொருகினால் பைப்போடு பைப்பாகிவிடும். யூனியன் மூன்று துண்டு. இரண்டு பைப் முனைகளிலும் ஒவ்வொரு துண்டு ஒட்டியிருக்கும், நடுவில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இருக்கும், மேலே ஒரு பெரிய நட் இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும். நட்டைத் திருகினால் பைப் எதுவும் சுற்றாமலே இணைப்பு பிரிந்துவிடும்.

நேராக ஓடுகிற லைனுக்குக் கப்ளிங்கே போதும். யூனியன் அதைப்போலப் பல மடங்கு விலை, அதில் தேய்வதற்கு ரப்பர் வேறு இருக்கிறது. சுவருக்குள்ளோ தரைக்கு அடியிலோ புதைகிற இடத்தில் யூனியன் கூடவே கூடாது. கைக்கு எட்டாத நட்டால் ஒரு பயனும் இல்லை, கசிந்தாலும் தெரியாது. இதில் யாருக்கும் சண்டையில்லை.

சண்டை வருவது கழற்றும்போதுதான். நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். மோட்டாரின் மெக்கானிக்கல் சீல் தேய்ந்து ஷாஃப்ட் ஓரமாகச் சொட்டத் தொடங்கினால் மோட்டாரைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும். காயில் கருகினாலும் அப்படித்தான். இரண்டு பக்கமும் கப்ளிங் ஒட்டியிருந்தால் என்ன ஆகும்? மோட்டார் வாயில் திருகு இணைப்புதானே, திருகி எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பைப்பைச் சுற்ற முடியாது, அது மேலே சுவரில் கிளாம்ப் அடித்து நிற்கிறது. மோட்டாரைச் சுற்றலாம் என்றால் அதில் இரண்டு பைப்புகள் இரண்டு திசையில் பிடித்திருக்கின்றன. ஆக்ஸா பிளேடுதான் வழி.

அறுப்பது எளிது. திரும்பச் சேர்க்கும்போதுதான் கணக்கு இடிக்கும். ஒட்டிய கப்ளிங் மறுபடி உதவாது. புது கப்ளிங்குக்குள் பைப் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஓர் அங்குலம் போக வேண்டும்; நடுவில் தடுப்பு விளிம்பு இருப்பதால் அதை ஒரே பக்கமாகத் தள்ளி வைத்துப் பிறகு நகர்த்தவும் முடியாது. அப்படியானால் ஒரு பக்கத்துப் பைப்பையாவது ஓர் அங்குலம் பின்னுக்கு இழுத்தாக வேண்டும். கீழே மோட்டார் போல்ட்டில் நிற்கிறது, மேலே பைப் கிளாம்ப்பில் நிற்கிறது. எது நகரும்? அதனால் பிளம்பர் இன்னும் கொஞ்சம் அறுத்து, ஒரு துண்டுப் பைப் வைத்து, இரண்டு கப்ளிங் போட்டு, கிளாம்ப்பைத் தளர்த்தி வளைத்துச் சொருகுவார். அடுத்த ரிப்பேருக்கு அந்த இடமும் போய்விடும். இப்படியே அறுத்துக்கொண்டு போனால் ஒருநாள் சுவரை ஒட்டிய எல்போ வரை வந்து நிற்கும். அப்புறம் ஒட்ட நீளம் இருக்காது, சுவரைத்தான் கொத்த வேண்டும். போதாததற்கு, ஒட்டுகிற இடம் காய்ந்திருக்க வேண்டும். மேலே நிற்கும் தண்ணீர் வால்வு வழியாகச் சொட்டிக்கொண்டே இருந்தால் சொல்யூஷன் பிடிக்காது. ஒட்டிய பிறகும் உடனே மோட்டாரைப் போட முடியாது.

யூனியன் இருந்தால் கரண்டை நிறுத்தி, வால்வை மூடி, இரண்டு நட்டையும் தளர்த்தி, அடிப்போல்ட்டைக் கழற்றி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போகலாம். அந்தந்த இடத்தில் பைப் அப்படியே நிற்கும். எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ஆனால் யூனியன் வைத்தால் மட்டும் போதாது, எங்கே வைக்கிறோம் என்பதும் உண்டு. வால்வுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்க வேண்டும். டெலிவரி பக்கம் மோட்டார், யூனியன், நான்-ரிட்டர்ன் வால்வு, பால் வால்வு என்று வரிசை. மொட்டை மாடியில் டேங்குக்குக் கீழே பிரஷர் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டேங்க், வால்வு, யூனியன், பம்ப் என்று இருந்தால் வால்வை மூடிக் கழற்றலாம். யூனியன் வால்வுக்கு முந்தி டேங்க் பக்கம் போய்விட்டால், பம்பை எடுக்க ஆயிரம் லிட்டரையும் மொட்டை மாடியில் கொட்ட வேண்டியதுதான்.

இனி பிளம்பரின் பாதி உண்மைக்கு வருவோம். சம்ப் தரைக்குக் கீழே இருக்க, மோட்டார் மேலே இருந்து இழுக்கிறது என்றால் சக்ஷன் பைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அங்கே யூனியன் சரியாக உட்காராவிட்டால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். வெளியே ஈரமே தெரியாது. மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது, அல்லது விட்டு விட்டு வரும். சக்ஷன் பைப்பின் அடி முனையில் இருக்கும் ஃபுட் வால்வு போய்விட்டது என்று நினைத்து சம்ப்புக்குள் இறங்குவார்கள். அதற்கு முன் மோட்டார் ஓடும்போது யூனியனைச் சுற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். நுரை உள்ளே இழுபட்டால் குற்றவாளி அதுதான்.

பெரும்பாலான கசிவுக்குக் காரணம் போடும் விதம். ஒட்டுவதற்கு முன்பே நட்டைப் பைப்பில் மாட்டிவிட வேண்டும், ஒட்டிய பிறகு நுழையாது. ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தில் சொல்யூஷன் வழியக் கூடாது. நட்டின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றுகிறார்கள். அது வேண்டாம், தண்ணீரை நிறுத்துவது மரை அல்ல, இரண்டு முகமும் ஓ-ரிங்கும்தான். கையால் இறுக்கி, ரெஞ்சில் கால் சுற்று போதும். பைப்புகள் ஒரே கோட்டில் இல்லாதபோது நட்டால் இழுத்துச் சேர்ப்பது பெரிய தப்பு. அன்றைக்கு நிற்கும், மோட்டார் அதிர்வில் ஒரு மாதத்தில் நட் வெடிக்கும் அல்லது முகம் விலகும்.

ஜி.ஐ. பைப்பில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே கப்ளிங்கின் இரண்டு முனையும் ஒரே திசை மரை, ஒரு பக்கம் கழன்றால் மறுபக்கம் இறுகும், நடுவில் ஓரிடத்தில் கழற்ற முடியாது, கடைசி முனையிலிருந்துதான் பிரித்து வர வேண்டும் என்பதால் யூனியனுக்கான தேவை இன்னும் கூடுதல். ஆனால் துருப்பிடித்த ஜி.ஐ. யூனியன் எவ்வளவு எளிதில் திறக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

போர்வெல்லுக்குள் இறங்கும் பைப்பில் கப்ளிங்தான். அங்கே ஒவ்வொரு இணைப்பும் கீழே தொங்கும் சப்மெர்சிபிளையும், பைப் முழுவதும் நிற்கும் தண்ணீரையும் தாங்க வேண்டும். யூனியன் அதற்குச் செய்யப்பட்டதல்ல. மேலே போர் வாயிலிருந்து வளைந்து டேங்குக்குப் போகும் இடத்தில் ஒரு யூனியன் வைத்தால், பைப்பைத் தூக்கும் நாளில் வெளி லைனை அறுக்க வேண்டியிருக்காது.

யூனியன் வாங்கும்போது அதே கம்பெனி ஓ-ரிங் இரண்டு சேர்த்து வாங்கிவிடுங்கள். ஒரு கம்பெனி ரிங் இன்னொன்றின் பள்ளத்தில் உட்காராமல் போகலாம். யூனியனின் பாதிகளும் அப்படித்தான், ஒரு கம்பெனி பாதி இன்னொரு கம்பெனி பாதியோடு சேராமல் போகலாம். மோட்டாரைத் திரும்ப மாட்டும்போது ரிங் தட்டையாகியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, புதியதில் கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவி வையுங்கள். வண்டிக்குப் போடும் கிரீஸ் சில வகை ரப்பரை உப்ப வைத்துவிடும்.