மூன்று வருடமாக ஃப்ளெக்ஸைப் படமெடுத்து எழுத்து எடுத்ததில் கண்டது

போன வாரம் மச்சான் போன் பண்ணி, "கோயில் விழா ஃப்ளெக்ஸ்ல இருக்குற பேரெல்லாம் டைப் பண்ணாம போன்லயே எடுத்துரலாமாமே, நீங்க அப்படித்தானே செய்றீங்க?" என்று கேட்டார். ஆமாம், மூன்று வருடமாகச் செய்கிறேன். ஒவ்வொரு வருடமும் பழைய பேனரைப் பார்த்துத்தான் புதுப் பேனருக்கும் பத்திரிகைக்கும் பெயர்ப் பட்டியல் தயாராகும். டிசைன் ஃபைலைக் கேட்டு வாங்கினாலும் பயனில்லை. அச்சடிக்கிற இடத்தில் அந்த ஃபான்ட் இருக்காது என்பதால் எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கித்தான் அனுப்பியிருப்பார்கள். அதற்குப் பிறகு அது எழுத்தே இல்லை, வெறும் கோட்டு வடிவம். காப்பி பண்ண முடியாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைப்பு, தேதி, நேரம், போன் நம்பர் எல்லாம் அருமையாக வருகிறது. அடியில் பொடி எழுத்தில் உபயதாரர்கள் வரிசை இருக்குமே, அதில் இருபது கடைகளின் நம்பரைக் கையால் அடித்தால் ஒரு இலக்கமாவது தவறும். போன் அதைத் தவறாமல் எடுத்துக் கொடுத்தது எனக்கே ஆச்சரியம்தான்.

ஆனால் படம் சரியாக இருக்க வேண்டும். பத்தடி அகல ஃப்ளெக்ஸ் என்றால் 120 அங்குலம். போன் படத்தின் அகலம் சுமார் 4000 பிக்சல். முழு பேனரையும் ஒரே படத்தில் அடக்கினால் ஒரு அங்குலத்துக்கு 33 பிக்சல்தான் கிடைக்கும். அரை அங்குல எழுத்துக்கு 16 பிக்சல். அதன் தலையில் இருக்கும் புள்ளிக்கு இரண்டு பிக்சல் தேறினால் பெரிது. புள்ளி போனால் "க்" என்பது "க" ஆகிவிடும். அதனால் பேனரை நான்கு பாகமாக, ஓரம் ஒன்றோடொன்று கொஞ்சம் மேலேறும்படி, கிட்டப் போய் எடுக்க வேண்டும். வெயில் பளபளப்பு விழாத காலை நேரம் நல்லது. வாட்ஸ்அப்பில் வேறு யாராவது அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விழாக் குழுவினர் படங்கள் ஏழு ஏழாக ஆறு வரிசை. ஒவ்வொரு வட்டப் படத்துக்கும் கீழே பெயர், அதற்கும் கீழே பொறுப்பு. நம் கண் ஒவ்வொரு படத்துக்கும் மேலிருந்து கீழாகப் படிக்கும். போன் அப்படிப் படிக்காது. ஏழு பெயரையும் இடமிருந்து வலமாக ஒரே வரியாக எடுக்கும், அடுத்த வரியில் பொறுப்புகளை எடுக்கும். ஏழுக்கு ஏழு இருந்தால் சேர்த்துவிடலாம். போன வருடம் மூன்றாம் வரிசையில் நான்காவது படத்துக்குப் பொறுப்பு எதுவும் போடவில்லை. ஆக ஏழு பெயர், ஆறு பொறுப்பு. நான் கவனிக்காமல் வரிசையாகச் சேர்த்தேன். நான்காமவருக்கு ஐந்தாமவர் பொறுப்பு போனது, ஐந்தாமவருக்கு ஆறாமவருடையது போனது. அந்த ஆறாம் படத்துக்குக் கீழே இருந்த சொல் "அமரர்". ஐந்தாம் படம் எங்கள் சித்தப்பா. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்.

அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் ராத்திரி அம்மாதான் படித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். இப்போது நினைத்தாலும் மனசு பதறுகிறது. அந்தப் பேனர் ஊர் முச்சந்தியில் நின்றிருக்கும். ஒரு எழுத்து தப்பினால் படிக்கிறவருக்கே தெரியும். பொறுப்பு மாறினால் எல்லாமே சரியான தமிழாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கண்டுபிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு வரிசையிலும் பெயர் எத்தனை, பொறுப்பு எத்தனை என்று எண்ணுவதுதான். எண்ணிக்கை இடித்தால் அந்த வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒவ்வொரு படத்தையும் தனியாக வெட்டி எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பல டிசைன் ஃபான்ட்டுகளில் "ரி" எழுதும்போது ர-வுக்குக் கால் இருக்காது, துணைக்கால் போலவே இருக்கும். போன் சில இடத்தில் அதைத் துணைக்காலாகவே எடுத்துவிடும். திரையில் வித்தியாசம் தெரியாது. "மாரியம்மன்" என்று தேடினால் மட்டும் கிடைக்காது. முழுப் பட்டியலிலும் ஒரு தடவை இப்படி மாற்றிவிடுங்கள்:

```
ாி → ரி
```

நேரம் மிச்சமாவது உண்மை. நம்பரும் தேதியும் இனிமேலும் போனில்தான் எடுப்பேன். ஆனால் பெயர்களை எடுக்க மாட்டேன். இந்த வருடம் நாற்பத்திரண்டு பெயரையும் அம்மா வாசிக்க வாசிக்க நானே டைப் பண்ணினேன். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மச்சானுக்கும் அதையே சொன்னேன்.