பிள்ளைக்கு கிரிக்கெட் பேட் வாங்குகிறீர்களா? "38 அங்குலம் வரை சட்டப்படி சரி" என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். இரண்டு மாதம் சேர்த்த பணம் முழுதும் போயிற்று. வீட்டில் இருப்பது என் மகனால் தூக்க முடியாத ஒரு பெரியவர் பேட்.

கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. விளையாட்டுச் சாமான்கள் மட்டும் விற்கும் இணையக் கடை. பேட் பக்கத்திலேயே "எங்கள் நிபுணரிடம் அளவு கேளுங்கள்" என்று ஓர் அரட்டைப் பெட்டி இருந்தது. மகனைக் காலணியோடு சுவர் ஓரம் நிறுத்தி அளந்து, உயரம் 140 செ.மீ., லெதர் பந்துக்கு இப்போதுதான் மாறுகிறான் என்று எழுதினேன். வந்த பதில் இன்னும் என் போனில் இருக்கிறது: "மேடம், ஷார்ட் ஹேண்டில் எடுங்கள். கைப்பிடி குட்டை, பிள்ளைகளுக்கு வசதி. கிரிக்கெட் சட்டத்தில் 38 அங்குலம் வரை போகலாம், இது 33½ தான். எட்ஜ் 40 மி.மீ., சட்டம் அனுமதிக்கும் முழு அளவு. ஒரு வருஷத்தில் வளர்ந்துவிடுவான்."

எண்களை இப்படி அடுக்கிச் சொல்கிறவர் விஷயம் தெரிந்தவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதிலும் எண்கள் எல்லாமே உண்மை. கைப்பிடியோடு சேர்த்து பேட்டின் நீளம் 38 அங்குலத்தை, அதாவது 96.52 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. அகலம் 10.8 செ.மீ. 2017 அக்டோபரிலிருந்து எட்ஜுக்கு, அதாவது பேட்டின் ஓரத் தடிமனுக்கு 4 செ.மீ., முதுகின் தடிமனுக்கு 6.7 செ.மீ. என்ற வரம்பும் வந்தது. உண்மையான எண்களை வைத்துக்கொண்டே ஏமாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த வரம்புகள் பேட் இதற்கு மேல் பெரிதாகக் கூடாது என்று சொல்பவை. யாருக்கு எது பொருந்தும் என்று அவை சொல்லவே இல்லை. 1771இல் ஒருவர் ஸ்டம்புகளையே மறைக்கும் அகலத்தில் பேட் கொண்டுவந்து நின்றார், எதிரணி கொதித்தது, அதன் பிறகுதான் அகலத்துக்கே வரம்பு பிறந்தது. பந்து வீசுகிறவருக்கு அநியாயம் நடக்கக் கூடாது என்பதற்கான சட்டம் அது. நன்றாக வளர்ந்த ஆள் பிடிக்கும் சாதாரண பேட்டே 33½ அங்குலம்தான், 85 செ.மீ. சட்டத்தின் உச்சியை அவர்களே தொடுவதில்லை. 140 செ.மீ. பையனுக்கு அந்த 38 எதற்கு?

ஷார்ட் ஹேண்டில் விஷயம் இதைவிட மோசம். கடைகளில் SH என்று போட்டிருப்பது பெரியவர்களின் வழக்கமான முழு அளவு. மிக உயரமானவர்களுக்கு லாங் ஹேண்டில் இருக்கிறது, அதோடு ஒப்பிட்டுத்தான் இது 'ஷார்ட்'. பிள்ளைகளுக்கான வரிசை வேறு. அது சின்ன எண்ணில் தொடங்கி 6 வரை போகும், பிறகு ஹாரோ, அதற்குப் பிறகுதான் ஷார்ட் ஹேண்டில். கம்பெனிக்குக் கம்பெனி அட்டவணை கொஞ்சம் மாறும். ஆனாலும் 137 முதல் 145 செ.மீ. வரை உயரம் என்றால் பெரும்பாலும் 4ஆம் சைஸ்தான். அதன் நீளம் ஏறக்குறைய 75 செ.மீ. என் மகனுக்கு வந்ததோ அதைவிடப் பத்து செ.மீ. நீளம். 4, 5, 6, ஹாரோ என்று நான்கு படியைத் தாண்டி ஐந்தாவதை அனுப்பியிருக்கிறார்கள்.

பேட் வந்தது. பையனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் கைப்பிடியின் நுனி தொப்புள் வரை நிற்கிறது. ஸ்டான்ஸில் நின்றான். தடுத்தாட முன்னங்காலை வைத்து முன்னே வந்ததும் கைப்பிடி வயிற்றில் முட்டியது. "அம்மா, இடிக்குதும்மா" என்றான். இடிக்காமல் இருக்க இரண்டு கையையும் கீழே, பிளேடின் தோள் பக்கம் இறக்கிப் பிடித்தான். மேல் கைக்கு பேட்டைத் தூக்கும் பலம் இல்லை, அதனால் கீழ்க்கைதான் எல்லா வேலையும் செய்தது. பேட் நேராக இறங்காமல் ஸ்லிப் பக்கத்திலிருந்து வளைந்து வந்தது. நேராக அடிக்கிற பந்தெல்லாம் குறுக்கே, அதுவும் தாமதமாக. அந்த 40 மி.மீ. எட்ஜின் கனத்தையும் சேர்த்து அவன் மணிக்கட்டுதான் தாங்க வேண்டும். பழைய லேசான பேட்டில் அழகாக ஸ்ட்ரெயிட் டிரைவ் ஆடுகிற பிள்ளை அவன். அதைப் பார்க்கத்தான் மனசு தாங்கவில்லை.

உடனே கடைக்கு எழுதினேன். முதல் பதில், "பழகிவிடும் மேடம்." அடுத்தது, "கைப்பிடியின் மேல்பக்கம் ஓர் அங்குலம் அறுத்துக்கொள்ளுங்கள்." அறுத்தால் பிளேடு குட்டையாகுமா, எடை குறையுமா? கைப்பக்கம் குறைந்தால் கனம் இன்னும் கால்பக்கம் இறங்கும், தூக்குவது மேலும் கஷ்டமாகும். இதைச் சொன்னதும் பேச்சு மாறியது. படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். "எண்ணெய் தடவியிருக்கிறது, திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார்கள்.

எண்ணெய் தடவச் சொன்னதே அவர்கள்தான்! "வந்ததும் முகப்பிலும் எட்ஜிலும் ஆளி விதை எண்ணெய் தடவிப் படுக்க வையுங்கள், தாமதித்தால் விரிசல் விடும்" என்று அதே அரட்டையில் அதே ஆள் சொன்னார். பேட் செய்கிற வில்லோ மரத்துக்கு எண்ணெய் தேவைதான், அதில் பொய் இல்லை. ஆனால் தடவிய நிமிடத்தோடு திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும் என்பதை அவர் சொல்லவே இல்லை. ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினேன். "அது பொதுவான ஆலோசனை" என்று பதில் வந்தது. மேலதிகாரி பேசுவார் என்றார்கள், யாரும் பேசவில்லை. கடைசியில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு தானியங்கிச் செய்தி. என்ன தீர்ந்தது? இரண்டு மாதம் சேர்த்த பணம்தான் தீர்ந்தது.

மற்ற பெற்றோருக்கு அவசரமாக இரண்டு மூன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளையைக் காலணியோடு அளந்து, சைஸ் எண்ணை மட்டும் நம்பாமல் பேட்டின் நீளத்தை செ.மீ.யில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேட் கையில் வந்ததும் காலோரம் நிறுத்துங்கள், கைப்பிடி நுனி தொடை இடுப்போடு சேரும் இடத்துக்கு வர வேண்டும். அப்புறம் மேல் கையால் மட்டும் பிடித்து முன்னே நீட்டச் சொல்லுங்கள். மணிக்கட்டு தொய்ந்து நுனி கீழே போனால் அது கனம், வேண்டாம். இரண்டு சைஸுக்கு நடுவில் உயரம் இருந்தால் சின்னதை எடுங்கள், "வளர்ந்துவிடுவான்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். இதெல்லாம் பார்த்து முடிக்கும் வரை பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காதீர்கள், எண்ணெய்ப் புட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

கடையோடு நடந்த பேச்சு முழுதும் என்னிடம் இருக்கிறது. அதே கடையா என்று சந்தேகம் வருகிறவர்கள் கேளுங்கள், அவர்கள் அனுப்பிய பதில்களைக் காட்டுகிறேன்.