பம்பு செட்டு விளம்பரத்துக்கு பிஎம்பி டீலா, ஓப்பன் எக்ஸ்சேஞ்சா: சில சீசன்கள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

கோயம்புத்தூரில் சின்ன விளம்பர ஏஜென்சி ஒன்றில் புரோகிராமாட்டிக் வாங்குவது, அதாவது இணைய விளம்பர இடங்களைத் தானியங்கி ஏலத்தில் வாங்குவதுதான் என் வேலை. பம்பு, கிரைண்டர், திருப்பூர் உள்ளாடை பிராண்டுகள் என்று இந்தப் பக்கத்து கிளையண்டுகள். எல்லாருக்கும் ஆசை ஒன்றுதான்: தினமலர், தினத்தந்தி, விகடன், இந்து தமிழ் திசை மாதிரி பெயருள்ள தளங்களில் விளம்பரம் தெரிய வேண்டும். அதற்குத் தனியாக விலை பேசி பிரைவேட் மார்க்கெட்பிளேஸ், அதாவது பிஎம்பி டீல் போட்டே ஆக வேண்டுமா, யாரும் பிட் போடக்கூடிய பொது ஏலமான ஓப்பன் எக்ஸ்சேஞ்சிலேயே வாங்கிக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓப்பனில் கிடைக்காத இடம் ஒன்று டீலில் கிடைத்தால் டீல் போடுங்கள், கிடைக்காவிட்டால் அதே தளங்களைப் பட்டியலாகக் கட்டி ஓப்பனிலேயே வாங்குங்கள். இந்த முடிவுக்கு வர எங்களுக்குச் சில கோடை சீசன்கள் ஆயின.

ஒரு பம்பு கம்பெனியின் கணக்கை வைத்தே சொல்கிறேன். பிப்ரவரியில் கிணற்றுத் தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் மே வரைக்கும் அவர்களுக்கு வியாபாரம். எங்களிடம் வந்தபோது முழுக்க ஓப்பன் எக்ஸ்சேஞ்சில்தான் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி கேட்டது இதுதான்: "ஏனுங்க தம்பி, காலைல எந்திரிச்சதும் நான் பேப்பர் சைட்டுதான் பாக்கறனுங்க, நம்ம வெளம்பரம் ஒருக்காகூட கண்ணுல படலீங்களே?"

அவர் ஒருவர் கண்ணில் படாததை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது, பார்க்கும் ஆட்களில் அவர் ஒரு துளி. ஆனால் தள வாரியான அறிக்கையை எடுத்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம்தான். கேம் ஆப்கள், பாட்டு வரித் தளங்கள், ராசிபலனைப் பத்துப் பக்கமாக வெட்டிப் பக்கத்துக்கு ஐந்து விளம்பரம் வைத்திருக்கும் தளங்கள் என்றுதான் பணம் போயிருந்தது. கேட்ட செய்தித் தளங்கள் அத்தனையும் சேர்த்து கால் பங்குதான். இது எங்கள் ஊர் கதை மட்டும் இல்லை. 2023இல் அமெரிக்காவின் தேசிய விளம்பரதாரர் சங்கம் நடத்திய ஆய்வில் ஒரு கேம்பெய்ன் சராசரியாக 44,000 தளங்களில் ஓடியதாகவும், இப்படி விளம்பரத்துக்காகவே கட்டிய தளங்கள் மட்டும் செலவில் 15 சதவீதத்தைச் சாப்பிட்டதாகவும் வந்தது.

சரி, டீல் போடலாம் என்று ஒரு செய்தித் தளத்தின் விற்பனைப் பிரிவோடு பேசினோம். நிலையான விலை, ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு, அதாவது ஆயிரம் முறை காட்ட 130 ரூபாய், அளவுக்கு உத்தரவாதம் கிடையாது. அந்த டீலுக்கான அடையாள எண்ணான டீல் ஐடி வந்தது, நாங்கள் ஏலத்தில் பிட் போடும் மென்பொருளான டிஎஸ்பியில் ஏற்றினோம், முதல் வாரம் கிட்டத்தட்ட ஒன்றுமே ஓடவில்லை.

டீல் ஓடாமல் நிற்பதுதான் பிஎம்பியில் எல்லாரும் முதலில் சந்திப்பது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூன்று எண்களை வரிசையாகப் பார்க்க வேண்டும்: அந்த டீல் ஐடியோடு எத்தனை பிட் ரிக்வெஸ்ட், அதாவது நம்மிடம் விலை கேட்கும் அழைப்பு வருகிறது, அதில் எத்தனைக்கு நாம் பிட் போடுகிறோம், எத்தனை ஜெயிக்கிறோம். ரிக்வெஸ்டே வரவில்லை என்றால் கோளாறு அந்தப் பக்கம், பெரும்பாலும் நம் கணக்கின் அடையாளமான சீட் ஐடியைத் தவறாக ஏற்றியிருப்பார்கள் அல்லது டீலை ஆக்டிவ் செய்திருக்க மாட்டார்கள். ரிக்வெஸ்ட் குவிகிறது, பிட் மட்டும் குறைவு என்றால் கோளாறு நம் டார்கெட்டிங்கில், இல்லையேல் அவர்கள் கேட்கும் சைஸில் நம்மிடம் பேனர் இருக்காது. பிட் போகிறது, ஜெயிப்பதில்லை என்றால் விலை.

எங்களுடையதில் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து இருந்தன. மார்க்கெட்டிங் ஆட்கள் விருப்பப்படி கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் மாவட்டங்களோடு "விவசாய ஆர்வம்" உள்ள ஆட்களின் பட்டியல் என்று விற்கும் டேட்டா செக்மெண்டும் அந்த டீல் மேல் ஏறியிருந்தது. மொபைல் நெட்டில் வருகிறவருடைய ஐபியை வைத்து ஊர் கண்டுபிடிப்பது நம்பகமே இல்லை. கோபியில் தோட்டத்தில் உட்கார்ந்து படிக்கிறவரைச் சென்னை என்று காட்டும். ஒரே தளத்தின் வாசகர்களை முதலில் நான்கு மாவட்டமாக வெட்டி, அதையும் செக்மெண்டால் வெட்டினால் மிச்சம் என்ன இருக்கும்? அந்தத் தளத்தில் விவசாயப் பகுதியும் மாவட்டச் செய்திப் பகுதியும் இருக்கும்போது அந்தப் பக்கங்களையே டீலில் கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

விலை விஷயம் இன்னும் நுணுக்கமானது. டீல் விலை 130, நாம் போட்ட பிட் 140, பிறகு ஏன் தோற்க வேண்டும்? நாங்கள் பயன்படுத்தும் டிஎஸ்பியில் நாம் போடும் பிட்டில் இருந்து கட்டணங்களைக் கழித்த பிறகுதான் மிச்சம் வெளியே போகும். 12 சதவீதம் தளக் கட்டணம் போனால் 123 ரூபாய் 20 காசு. செக்மெண்டுக்கு 10 ரூபாய் போனால் 113 ரூபாய் 20 காசு. 130க்குக் கீழே வருகிற பிட்டை அந்தப் பக்கம் ஏலத்திலேயே சேர்க்காது. செக்மெண்டைத் தூக்கிவிட்டு பிட்டை 155 ஆக்கினோம், கழித்தது போக 136 வெளியே போனது, நிலையான விலை டீல் என்பதால் மீடியாவுக்குக் கொடுத்தது அதே 130தான். அப்புறம்தான் ஓட ஆரம்பித்தது. உங்கள் டிஎஸ்பியில் பிட் எந்தக் கணக்கில் வெளியே போகிறது என்று டீல் பேசுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டீல் ஓடத் தொடங்கியதும் கிளையண்டுக்கு சந்தோஷம், எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். அந்தத் தளம் ஓப்பனிலும்தான் விற்கிறது, அப்படியானால் 130 எதற்கு? ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவது வழி ஒன்றைச் சேர்த்தோம்: நாம் விரும்பும் தளங்களை மட்டும் இன்க்ளூஷன் லிஸ்ட்டாகக் கட்டி ஓப்பன் எக்ஸ்சேஞ்சில் வாங்குவது. ஒரு தளத்தை டீலிலும் ஓப்பனிலும் ஒரே நேரத்தில் ஓட்டினால் ஒப்பீடு கெட்டுவிடும். ஒரே இடம், தளங்களுக்காக விற்றுத்தரும் மென்பொருளான எஸ்எஸ்பி இரண்டின் வழியாக ஏலத்துக்கு வரும், ஒன்றில் டீலாகவும் மற்றதில் ஓப்பனாகவும் பிட் போட்டு நமக்கு நாமே போட்டியாகிவிடுவோம். அதனால் ஒரு நாள் டீல், மறுநாள் லிஸ்ட் என்று மாற்றி மாற்றி ஓட்டினோம், பேனரும் ஒருவருக்கு எத்தனை முறை காட்டுவது என்ற வரம்பும் இரண்டிலும் ஒன்றே.

கணக்கு இப்படி வந்தது, கட்டணம் சேர்க்காமல் மீடியா விலை மட்டும், முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். கட்டுப்பாடில்லாத ஓப்பனில் ஆயிரத்துக்கு 40 ரூபாய்தான், ஆனால் ஆயிரத்தில் நாம் விரும்பும் தளத்தில் விழுந்தது 250, அதிலும் கண்ணில் பட்டது பாதி, அதாவது 125. கண்ணில் பட்டது என்றால் ஊடக அளவீட்டுத் தரத்தை வகுக்கும் அமெரிக்க அமைப்பான எம்ஆர்சியின் அளவுகோல்படி, விளம்பரத்தின் பாதிப் பரப்பு ஒரு நொடியாவது திரையில் இருந்திருக்க வேண்டும். ஆக, நல்ல தளத்தில் கண்ணில் பட்ட ஆயிரத்துக்கு 320 ரூபாய்! லிஸ்ட் கட்டிய ஓப்பனில் ஆயிரத்துக்கு 80, கண்ணில் பட்டது 500, அப்படியென்றால் 160. டீலில் 130, கண்ணில் பட்டது 700, சுமார் 186. ஒரு கிளையண்டின் ஒரு சீசன் கணக்கு இது, உங்களுக்கு எண்கள் மாறும். ஆனால் மலிவு என்று எல்லாரும் நினைக்கும் வழிதான் எங்களுக்கு மூன்றிலும் விலை அதிகம்.

160க்கும் 186க்கும் உள்ள வித்தியாசத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பிளேஸ்மெண்ட் வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். டீலில் பெரும்பகுதி முகப்புப் பக்கத்தின் மேல் பட்டையும், செய்தியின் இரண்டாவது பத்திக்குக் கீழே வரும் இடமும். ஓப்பனில் வந்தது செய்தி முடிந்த பிறகு "மேலும் படிக்க" பகுதியை ஒட்டி இருக்கும் பெட்டிகள். மேல் பட்டையை அந்தத் தளம் ஓப்பனுக்கு விடுவதே இல்லை. புது மாடல் சப்மெர்சிபிள் அறிமுகம் செய்யும் வாரங்களில் 26 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க இது சரியான காரணம், முதலாளியிடம் திரையைக் காட்டியே சொன்னேன்.

அடுத்த சீசனில் வேறொரு தளம் 110 ரூபாய்க்கு டீல் தந்தது, பேர் சொல்லப்போவதில்லை. பிளேஸ்மெண்ட் பட்டியலை எடுத்துப் பார்த்தால் ஓப்பனில் 80க்கு வருகிற அதே பெட்டிகள், கண்ணில் படுவதும் அதே 500. கணக்குப் போட்டால் 220. இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டோம்.

"பிரீமியம் செய்தி பேக்கேஜ்" என்று ஒரே டீல் ஐடிக்குள் பல தளங்களைச் சேர்த்து விற்பது இன்னொரு வகை. டீல் என்ற பெயர் இருப்பதாலேயே உள்ளே இருப்பது சுத்தம் என்று நம்பிவிடக் கூடாது. தள அறிக்கையில் தெரியாத பெயர் வந்தால் அந்தத் தளத்தின் முகவரிக்குப் பின்னால் /ads.txt என்று அடித்துப் பாருங்கள். யார் யாருக்கு விற்க அனுமதி என்று 2017இல் இருந்து தளங்கள் அங்கே எழுதி வைக்கின்றன. வரி இந்த வடிவில் இருக்கும்:

```
exchange.example, 4471, DIRECT
exchange.example, 9820, RESELLER
```

முதல் வரி தளமே நேரடியாக நடத்தும் கணக்கு, இரண்டாவது இடையில் இருக்கும் ஒருவருடையது. எங்களிடம் வந்த ஒரு பேக்கேஜில் பெரிய தளங்கள் நாலைந்துதான், மிச்சமெல்லாம் இரண்டாவது வகை வரியோடு வந்த சின்னத் தளங்கள், பணத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. ஓப்பனில் லிஸ்ட் கட்டும்போதும் DIRECT வழியை மட்டும் வைத்துக்கொண்டால் அதே பெட்டி இடைத்தரகுக் கழிவு இல்லாமல் வருகிறது.

இப்போது அந்தப் பம்பு கணக்கில் பட்ஜெட்டின் பெரும்பகுதி லிஸ்ட் கட்டிய ஓப்பனில் போகிறது. மேல் பட்டைக்கும் விவசாயப் பகுதிக்கும் மட்டும் டீல், அதுவும் பிப்ரவரி, மார்ச்சில் தீவிரமாக, பிறகு தேவைப்பட்டால். டீல் ஓடும் தளத்தை அந்த நாட்களில் ஓப்பன் லிஸ்ட்டில் இருந்து எடுத்துவிடுகிறோம். அளவு உத்தரவாதம் உள்ள கேரண்டீட் டீல் இந்தப் பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகாது, கேட்கும் குறைந்தபட்சத் தொகையிலேயே பாதி சீசன் போய்விடும். புதிதாக யார் டீல் நீட்டினாலும் எந்தெந்த ஆட் யூனிட் இதில் வரும், இவை ஓப்பனிலும் விற்பனையில் உள்ளனவா என்று எழுத்தில் கேட்கிறோம். பதில் தராதவர்களிடம் ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. பதில் தந்தவர்களின் ஆட் யூனிட் பட்டியலை மாதக் கடைசியில் பிளேஸ்மெண்ட் அறிக்கையோடு வரிக்கு வரி ஒப்பிடுகிறோம், ஏனென்றால் சீசன் நடுவில் தளத்தை மறுவடிவமைப்பு செய்து மேல் பட்டையைக் கீழே இறக்கியது எங்களுக்கு நடந்திருக்கிறது, டீல் விலை மட்டும் அப்படியே இருந்தது.