‘சிகர வீரர்கள்’, ‘தடம் தேடுவோம்’: எந்தப் பெயர் பொருந்தும்?

மலையேற்றத்திற்கும் மிதிவண்டிப் பயணத்திற்கும் சேர்ந்து செல்லும் அலுவலகக் குழுவுக்கு இவ்விரண்டு பெயர்கள் முன்மொழியப்பட்டன என்று கொள்வோம். ‘சிகர வீரர்கள்’ என்பதில் சாகச உணர்வு உடனே தெறிக்கிறது. ஆனால் அது உச்சியை எட்டியவரை மட்டுமே குறிப்பதால், பாதி வழியில் திரும்புபவரும் சமதளத்தில் மிதிவண்டி ஓட்டுபவரும் அப்பெயருக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். ‘வீரர்’ இலக்கணப்படி இருபாலருக்கும் பொதுவான சொல்லே என்றாலும், கேட்டவுடன் பலர் மனத்தில் ஆண் உருவமே எழுகிறது.

‘தடம் தேடுவோம்’ என்பதில் இலக்கு உச்சியன்று, அறியாத பாதை. எனவே மெதுவாக நடப்பவரும் அதில் அடங்குவார். ‘ஓம்’ என்னும் தன்மைப் பன்மை விகுதியில் பால் வேறுபாடே இல்லை. மேலும், அவ்விகுதி ‘நாங்கள்’, ‘நாம்’ இரண்டுக்கும் பொருந்துவதால், அழைப்பிதழில் படிக்கும் புதியவர் தம்மையும் சேர்த்தே அதைப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது. ‘ஞாயிறு காலை 6 மணிக்குச் சிகர வீரர்கள் புறப்படுகிறார்கள்’ என்று எழுதிப் பார்த்தால், யாரோ சிலரைப் பற்றிய செய்தியாக அது ஒலிப்பதைக் காணலாம்.

இரண்டாவது பெயருக்கும் ஒரு குறை உண்டு. வினைமுற்றாக இருப்பதால் அது வேற்றுமை உருபை இயல்பாக ஏற்காது. ‘தடம் தேடுவோமில் சேருங்கள்’ என்பது உறுத்துகிறது. ‘தடம் தேடுவோம் குழுவில்’ என்று ஒரு சொல்லைக் கூட்டினால் அது சரியாகிவிடும் என்பதால், நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.