சுரங்கத் தங்கமா, பழைய நகையா?

கோலார் சுரங்கம் 2001இல் மூடப்பட்டபோது, 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போயிருந்தது. ஒரு டன் பாறையில் கிடைத்ததோ சுமார் 3 கிராம்தான். ஒரு பவுன் நகையில் 7.3 கிராம் சுத்தத் தங்கம். அதற்கு இரண்டரை டன் பாறையை உடைத்து, மேலே ஏற்றி, அரைக்க வேண்டும். செலவு விலையைத் தாண்டினால் கதை முடிந்தது.

பழைய நகைக்கு அந்தப் பாடு இல்லை, உருக்கினால் போதும். விலை ஏறியதும் சில வாரங்களிலேயே சந்தைக்கு வந்துவிடும். புதுச் சுரங்கத்துக்குப் பத்து வருடமாவது ஆகும்.

சரி, அப்படியானால் நகையே போதுமா? போதாது. உலகச் சப்ளையில் அதன் பங்கு ஏறக்குறைய கால்வாசிதான். நம்மூரிலோ பலர் விற்காமல் அடகு வைக்கிறார்கள். விற்பவர்களிலும் பலர் மாற்றிப் புது நகையோடு திரும்புகிறார்கள்.

விலை உயர்வு சுரங்கத்தில் வேறொரு வேலை செய்கிறது: முன்பு ஒதுக்கிய மட்டமான பாறையும் கட்டுப்படியாகிறது. அதனால் டன்னுக்குக் கிடைக்கும் கிராம் குறைந்தாலே வளம் தீர்கிறது என்று அர்த்தமல்ல.