ரிப்போர்ட் வரவில்லை, பையர் இன்றே கேட்கிறார்: நான்கு பதில்கள்

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே முக்காலுக்கு ஜெர்மனி பையரிடமிருந்து மெயில். தலைப்பிலேயே ‘அவசரம்’. உள்ளே ஒரே வரி: பல்க் துணியின் ஷ்ரிங்கேஜ் ரிசல்ட், அதாவது துவைத்தால் எவ்வளவு சுருங்குகிறது, இன்றே சொல்லுங்கள். சாம்பிள் துணி லேபுக்குப் போனதே முந்தின நாள் சாயங்காலம்தான். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் என்று லேப் ரசீதிலேயே போட்டிருந்தது. அதாவது விடை கையில் இல்லை, விடை வரும் நாள் மட்டும் கையில் இருக்கிறது.

இந்த இடத்தில், பையர் ஆர்டர்களைக் கவனிக்கும் திருப்பூர் மெர்ச்சண்டைசர்கள் எழுதும் பதில்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். நான்கையும் ஏதோ ஒரு ஆர்டரில் நானே எழுதிப் பார்த்தவன் என்பதால், பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, பதிலே போடாமல் இருப்பது. “ரிப்போர்ட் வந்ததும் சேர்த்தே அனுப்பிவிடலாமே” என்று தோன்றும். அங்கே இருப்பவருக்கு நீங்கள் லேபுக்காகக் காத்திருப்பது தெரியாது. மெயிலைப் பார்த்தீர்களா என்பதே தெரியாது. மறுநாள் அதே கேள்வி முதலாளிக்குப் போகும், ஏஜென்டுக்குப் போகும், குவாலிட்டி ஆளுக்கும் போகும். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்லி வைப்பார்கள். இதைப் பற்றி இவ்வளவு போதும்.

இரண்டாவது, “செக் பண்ணிச் சொல்கிறோம்”. ஊரில் அதிகம் புழங்குவது இதுதான். மரியாதையாக இருக்கும், பொய்யும் இல்லை. ஆனால் பையரின் அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, அதில் எழுத இந்தப் பதில் எதையும் தருவதில்லை. அதனால் புதன் காலை மறுபடி கேட்பார், வியாழனும் கேட்பார். ஒரே கேள்விக்கு மூன்று மெயில், அதுவும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காரம் கூடி.

மூன்றாவதுதான் ஆபத்தானது. “பாஸ் ஆகிவிடும் சார், பிரச்சினை இல்லை.” இதைப் பொய் என்று தெரிந்து யாரும் எழுதுவதில்லை. அன்று என்னிடமும் ஒரு நம்பர் இருந்தது. துணி 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, முழுக் காட்டன். பின்னால் சுருங்காமல் இருக்கத் துணியை முன்பே அழுத்திச் சுருக்கிவிடும் காம்பாக்டிங் முடிந்து வந்ததும் எங்கள் யூனிட்டிலேயே நீளவாக்கில் 50 செ.மீ. மார்க் போட்டு, துவைத்து, கொடியில் காய வைத்து அளந்தோம். 47.8 செ.மீ. இருந்தது. சுருக்கம் 4.4 சதவீதம், பையர் அனுமதி 5. பாஸ்தானே?

இல்லை. அந்தச் சட்டையின் கேர் லேபிளில் டம்பிள் டிரை செய்யலாம் என்று இருக்கிறது. அதனால் லேப் டிரையரில் போட்டு உலர்த்தித்தான் அளக்கும். டிரையரின் சூட்டிலும் உருட்டலிலும் நிட் துணி கொடியில் காய்வதைவிட அதிகமாகச் சுருங்கும். கொடியில் 4.4 வந்த துணி டிரையரில் 5-ஐத் தாண்ட நிறைய வாய்ப்பு உண்டு. அப்படித் தாண்டினால், துணி ரோலாக இருக்கும்வரை மறுபடி காம்பாக்டிங் கொடுத்துச் சரிபார்க்கலாம். கட்டிங் போட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பாஸ் என்று எழுதிவிட்டால் அதே மெயிலைக் காட்டிக் கட்டிங் மாஸ்டரும் துணியை விரித்துவிடுவார் என்பது இதில் கூடுதல் சங்கடம். நாம் பையருக்குச் சொன்ன சமாதானம் நம் ஃபுளோரில் உத்தரவாகிவிடும்.

நான்காவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரியும் நாளைச் சொல்வது. அன்று எழுதியது ஏறக்குறைய இப்படி:

“லேப் ரிசல்ட் இன்னும் வரவில்லை. சாம்பிள் நேற்று கொடுத்தோம், ரிப்போர்ட் வெள்ளி மாலை வருகிறது. பாஸோ ஃபெயிலோ, வெள்ளிக்கிழமை உங்கள் நேரம் மாலை 4 மணிக்குள் நான் எழுதுகிறேன். எங்கள் யூனிட்டில் கொடியில் உலர்த்திப் பார்த்ததில் நீளவாக்கில் 4.4 சதவீதம். இது டம்பிள் டிரை ரிசல்ட் அல்ல, இதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ரிப்போர்ட் வரும்வரை கட்டிங் தொடங்க மாட்டோம். வெள்ளிக்கு முன்பே உங்களுக்கு முடிவு தேவையென்றால் இன்றே சொல்லுங்கள்.”

இதில் வேலை செய்வது மூன்று இடங்கள். “பாஸோ ஃபெயிலோ” என்பது முதலாவது. நல்ல செய்தி என்றால் எழுதுவார், இல்லையென்றால் நழுவுவார் என்ற சந்தேகம் அதோடு போய்விடுகிறது. இரண்டாவது, கையில் இருக்கும் அரைகுறை நம்பரை ஒளிக்காமல், அது எதற்கு உதவாது என்பதையும் சேர்த்துச் சொன்னது. மூன்றாவது கடைசி வரி. அவருக்கு எப்போது வேண்டும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அவசரம் என்று எழுதுகிறவர்கள் எதற்கு அவசரம் என்று எழுதுவது அபூர்வம். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: திங்கள் காலை அவர்களுக்கு மீட்டிங், வெள்ளி மாலை போதும். வியாழனே வேண்டும் என்றிருந்தால் கூடுதல் கட்டணம் கட்டி லேபில் எக்ஸ்பிரஸுக்கு மாற்ற முடியுமா என்று செவ்வாய் மதியமே கேட்டிருப்பேன். புதன் மாலை கேட்டுப் பயனில்லை.

எந்த நாளை வாக்காகக் கொடுப்பது என்பதிலும் இரண்டு கட்சி உண்டு. லேப் சொன்ன நேரத்தையே அப்படியே கொடுப்பவர்கள் ஒரு பக்கம், பத்திரமாக இருக்கட்டும் என்று நான்கைந்து நாள் தள்ளிச் சொல்பவர்கள் மறு பக்கம். கோடையில் ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அவர்கள் மாலை 4 என்றால் இங்கே இரவு ஏழரை. லேப் ஆறு மணிக்குக் கொடுத்தால் ரிப்போர்ட்டைப் படித்து, ஃபெயிலானால் காம்பாக்டிங்காரரிடம் பேசி, மாற்று வழியோடு எழுத ஒன்றரை மணி நேரம். அவர் கிளம்பும் முன் படிக்கவும் நேரம் இருக்கிறது. திங்கள் மாலை என்று தள்ளியிருந்தால் எனக்கு நிம்மதி, ஆனால் அவருடைய மீட்டிங் முடிந்திருக்கும். (குளிர்காலத்தில் வித்தியாசம் நாலரை மணி. இதே 4 மணி நமக்கு இரவு எட்டரை ஆகிவிடும்.)

நாளே தெரியாத சமயங்களும் உண்டு. டையிங்கில் மெஷின் நின்றுவிட்டது, பார்ட் எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது. அப்போது விடைக்கு நாள் குறிப்பது மூன்றாவது வகைப் பதில்தான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. “வியாழன் காலை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுகிறேன்” என்று அடுத்த மெயிலுக்கு நாள் சொல்லலாம். அது நம் கையில் இருக்கிற நாள்.

சரி, வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்றால், ஐந்தே முக்காலுக்கு ரிப்போர்ட் வந்தது. நீளவாக்கில் 6.5, ஃபெயில். ஏழே காலுக்கு மெயில் போனது: ரிசல்ட், ரிப்போர்ட் இணைப்பு, சனிக்கிழமை மறு காம்பாக்டிங், திங்கள் காலை லேபுக்கு எக்ஸ்பிரஸில் புதுச் சாம்பிள், அடுத்த பதில் புதன்கிழமை உங்கள் நேரம் மாலை 4 மணிக்குள், பாஸோ ஃபெயிலோ. பையர் ஒரே வரியில் நன்றி சொல்லிவிட்டு அந்த ஸ்டைலை இரண்டாவது லாட்டுக்கு மாற்றினார். அடுத்த வாரம் செவ்வாயும் புதன் காலையும் அவரிடமிருந்து ஒரு மெயிலும் வரவில்லை.